சாவி வராத வீடும் வட்டியோடு திரும்ப வேண்டிய பணமும்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடம் வரை போய், அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் திரும்பினால் வழியெங்கும் கார், லாரி, டயர், கைப்பேசி என்று தொழிற்சாலைகள். இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் வந்து 2014 நவம்பரில் கதவடைத்தது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் 2010இலும் டைம்லர் 2012இலும் ஆலை திறந்தன. இவற்றை நம்பித்தான் சுற்றிலும் அடுக்குமாடித் திட்டங்கள் விற்கப்பட்டன. வாங்கியவர்களில் பெரும்பகுதியினர் மாதச் சம்பளக்காரர்கள். வாடகையையும் வங்கித் தவணையையும் ஒரே சம்பளத்தில் இரண்டு மூன்று ஆண்டு சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு முன்பணம் கட்டியவர்கள். ஒப்படைப்பு ஐந்து ஆண்டு, ஏழு ஆண்டு என்று தள்ளிப்போகும்போது அந்தக் கணக்கு உடைகிறது. ஆலை மூடினாலோ வேலை வேறு ஊருக்கு மாறினாலோ அந்த வீடே தேவையில்லாமல் போகிறது.

அப்போது எழும் கேள்வி, கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்க முடியுமா என்பது. முடியும். சட்டம் இதில் வாங்கியவர் பக்கம் உறுதியாகவே நிற்கிறது. ஆனாலும் பலர் தோற்பதோ பாதிப் பணத்தோடு திரும்புவதோ நடக்கிறது. அவர்கள் எந்த நாளில் கேட்டார்கள், எந்தச் சொல்லில் கேட்டார்கள், கேட்பதற்கு முன் எதில் கையெழுத்துப் போட்டார்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும். இந்தக் கட்டுரை அந்த மூன்றையும் பின்தொடர்கிறது.

இதைப் புரிந்துகொள்ள உதவும் வழக்கு ஹரியானாவின் குருகிராமிலிருந்து வந்தது. பயனியர் அர்பன் லேண்ட் என்ற நிறுவனத்தின் ‘அராயா’ திட்டத்தில் ஒருவர் 2012 மே 8 அன்று ஒப்பந்தம் போட்டார். பள்ளம் தோண்டத் தொடங்கிய நாளிலிருந்து 39 மாதத்தில் வீடு, அதற்கு மேல் 180 நாள் சலுகைக் காலம் என்பது ஒப்பந்தம். தோண்டத் தொடங்கியது 2012 ஜூன் 4. எனவே சலுகைக் காலத்தையும் சேர்த்துக் கடைசி நாள் 2016 மார்ச் தொடக்கத்தில் முடிந்தது. அவர் கட்டியிருந்தது 4 கோடியே 83 லட்சத்துக்கும் மேல். வீடு வரவில்லை. 2017 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2018 ஆகஸ்டில் குடியேறும் சான்று கிடைத்துவிட்டது, வந்து சாவியை வாங்கிக்கொள்ளுங்கள் என்றது நிறுவனம். அவர் மறுத்தார். ஆணையம் 10.7 சதவீத வட்டியோடு முழுப் பணத்தையும் திருப்பித் தரச் சொன்னது. 2019 ஏப்ரல் 2 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

தீர்ப்பின் மையம் அந்த ஒப்பந்தத்தின் ஒருதலைப்பட்சம். வாங்குபவர் தவணை தவறினால் 18 சதவீத வட்டி, 30 நாள் தாண்டினால் ஒதுக்கீடே ரத்து. நிறுவனம் தவறினாலோ, சலுகைக் காலம் முடிந்து இன்னும் 12 மாதம் அவர் காத்திருக்க வேண்டும், பிறகு 90 நாள் அறிவிப்புத் தர வேண்டும், அதன் பின் பணம் தர நிறுவனத்துக்கு மேலும் 90 நாள். அதையும் தாண்டினால்தான் 9 சதவீத வட்டி. கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வழியில்லாதவர் மேல் திணிக்கப்பட்ட இத்தகைய விதிகள் அவரைக் கட்டுப்படுத்தாது என்றது நீதிமன்றம். அந்த 10.7 சதவீதம் ஹரியானாவின் ரெரா விதியிலிருந்து எடுக்கப்பட்டது. ஸ்டேட் வங்கியின் அதிகபட்ச எம்.சி.எல்.ஆர். கடன் விகிதம், அதோடு 2 சதவீதம் என்பது அந்த விதி. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு ரெரா விதிகளிலும் அளவுகோல் இதுதான். ஒரகடத்தில் முன்பணம் கட்டியவர் கையிலுள்ள ஒப்பந்தத்தில், தாமதத்துக்குச் சதுர அடிக்கு மாதம் ஐந்து ரூபாய் தருவோம் என்று எழுதியிருந்தால், அதுவே தன் உரிமையின் எல்லை என்று அவர் எண்ணிவிடக் கூடாது.

இனி நம் ஊருக்கு வருவோம். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 18ஆவது பிரிவு வாங்கியவருக்கு இரண்டு வழிகளைத் தருகிறது. ஒப்பந்தத்தில் சொன்ன நாளில் வீடு வரவில்லையென்றால் அவர் திட்டத்திலிருந்து விலகி, கட்டியதை வட்டியோடு பெறலாம். அல்லது விலகாமல் இருந்து, சாவி வரும்வரை ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் வட்டி வாங்கலாம். இரண்டில் ஒன்றைத்தான் கேட்க முடியும். “பணத்தைத் தாருங்கள், இல்லாவிட்டால் சீக்கிரம் முடித்துக் கொடுங்கள்” என்று எழுதும் மின்னஞ்சல், கேட்பவர் எதை விரும்புகிறார் என்பதையே குழப்பிவிடுகிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கைவைப்பது அங்கேதான்.

இதைவிடக் கெடுதலான சொல் ‘ரத்து’. “என் புக்கிங்கை ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தாருங்கள்” என்று எழுதுவது பேச்சு வழக்கில் இயல்பு. ஆனால் பில்டர் மேல் தவறில்லாமல் வாங்குபவரே ரத்து செய்தால் முன்பணத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தங்களில் ஒரு விதி இருக்கும். அப்படிப்பட்ட விலகலில் வீட்டின் அடிப்படை விலையில் 10 சதவீதம் வரை பிடிப்பதை உச்ச நீதிமன்றமே 2025 பிப்ரவரியில் கோத்ரேஜ் நிறுவனம் தொடர்பான வழக்கில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்த வழக்கில் தவறு நிறுவனத்துடையது அல்ல, வாங்கியவரே மனம் மாறினார். உங்கள் கடிதத்தில் ‘ரத்து’ என்ற சொல்லும், காரணமாக ‘குடும்பச் சூழ்நிலை’யும் இருந்தால், தாமதத்தால் விலகும் நீங்களும் அந்த வரிசையில் போய் நிற்பீர்கள். பில்டர் அலுவலகத்தில் நீட்டப்படும் அச்சிட்ட ரத்துப் படிவத்தில் ‘சொந்தக் காரணங்களால்’ என்ற வரியோ, ‘இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்’ என்ற வரியோ இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. வட்டி முழுவதும் போவதற்கு அந்த ஒரு வரி போதும்.

கடிதம் இப்படி இருந்தால் போதும்: “இன்ன தேதியிட்ட ஒப்பந்தத்தின் இன்ன விதிப்படி இன்ன நாளுக்குள் ஒப்படைத்திருக்க வேண்டும். அந்த நாள் கடந்துவிட்டது. பணி நிறைவுச் சான்றிதழுடன் வீடு ஒப்படைக்கப்படவில்லை. ஆகவே 18(1) பிரிவின்கீழ் நான் திட்டத்திலிருந்து விலகுகிறேன். நான் செலுத்திய தொகையை, ஒவ்வொரு தொகையும் உங்களுக்கு வந்த நாளிலிருந்து விதித்த வட்டியோடு திருப்பித் தரக் கோருகிறேன்.” கோபமும் கெஞ்சலும் அதில் வேண்டாம். ஒப்புகை பெறும் வகையில் விரைவுத் தபாலில் அனுப்பி, அதே நாளில் மின்னஞ்சலிலும் அனுப்ப வேண்டும்.

‘இன்ன நாளுக்குள்’ என்ற இடத்தை நிரப்புவதுதான் கடினம். பல ஒப்பந்தங்களில் தேதியே இருக்காது. ‘திட்ட அனுமதி கிடைத்ததிலிருந்து 30 மாதம்’, ‘வேலை தொடங்கியதிலிருந்து 36 மாதம், ஆறு மாதச் சலுகை’ என்றுதான் இருக்கும். அப்படியானால் அனுமதி எண்ணையும் தேதியையும் தேடியெடுக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் சென்னைப் பெருநகர எல்லை 2022 அக்டோபரில் விரிவதற்கு முன் வந்த திட்டங்களுக்கு நகர் ஊரமைப்பு இயக்கக அனுமதிதான் வழக்கமான ஆதாரம். ஒப்படைப்புக் காலமே எழுதப்படவில்லையென்றால், மூன்று ஆண்டு நியாயமான காலம் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஃபார்ச்சூன் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் வழக்கில் சொன்னதைக் காட்டலாம்.

இங்கே பில்டர் வழக்கமாகச் சொல்லும் பதில், “ரெரா இணையதளத்தைப் பாருங்கள், எங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது” என்பது. ரெராவில் திட்டத்தைப் பதிவு செய்யும்போது புதிய முடிவுத் தேதி ஒன்றை அவர் அறிவிக்கலாம், பிறகு அதை நீட்டிக்கவும் செய்யலாம். அந்தத் தேதி அவருக்கும் ஆணையத்துக்கும் இடையில் உள்ளது. உங்களோடு போட்ட ஒப்பந்தத்தின் தேதியை அது மாற்றிவிடாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2017 டிசம்பரில் நீல்கமல் ரியல்டர்ஸ் வழக்கில் தெளிவாக்கியது. தொழிலாளர் பற்றாக்குறை, மணல் தட்டுப்பாடு, நீதிமன்றத் தடை என்ற பதில்களுக்கு 2021 நவம்பர் 11 அன்று வந்த நியூடெக் புரமோட்டர்ஸ் தீர்ப்பு போதும். வாக்களித்த நாளில் வீடு வராவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்பது நிபந்தனையற்ற உரிமை, எதிர்பாராத நிகழ்வோ நீதிமன்றத் தடையோ அதைக் குறைக்காது என்றது அத்தீர்ப்பு. கொரோனாவுக்காக மத்திய அரசு 2020 மே மாதம் திட்டப் பதிவுகளுக்கு ஆறு மாத நீட்டிப்பை அறிவுறுத்தியது உண்மை. ஆனால் 2020 மார்ச் 25க்கு முன்பே கெடு முடிந்துபோன திட்டத்துக்கு அந்த நீட்டிப்பு பொருந்தாது.

இவ்வளவு வலுவான உரிமைக்கும் ஒரு நெருக்கடியான புள்ளி உண்டு. அது சான்றிதழ் வரும் நாள். 2021 ஜனவரியில் ஐரியோ கிரேஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வாங்கியவர்களை இரண்டாகப் பிரித்தது. குடியேறும் சான்று கிடைத்து வீடு தயாராக இருந்த கட்டடங்களில் இருந்தவர்கள் தாமத இழப்பீட்டோடு வீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது. சான்று கிடைக்காத கட்டடங்களில் இருந்தவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. பயனியர் வழக்கிலோ சான்று வருவதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே அவர் பணத்தைக் கேட்டிருந்தார். பின்னால் வந்த சான்று அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. நியூடெக் தீர்ப்பு விலகும் உரிமையை இன்னும் அகலமாகச் சொன்னாலும், என் கருத்தில் பாதுகாப்பான வழி ஒன்றுதான். விலகுவது என்று முடிவெடுத்தால், சான்று வருவதற்கு முன்பே கடிதம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ‘இன்னும் ஆறு மாதம் பார்ப்போம்’ என்று காத்திருப்பவருக்கு நேரும் இழப்பு இதுதான். தமிழ்நாட்டில் இந்தச் சான்றுக்குப் பெயர் பணி நிறைவுச் சான்றிதழ். அது இல்லாமல் ‘வீடு தயார், மீதிப் பணத்தைக் கட்டுங்கள்’ என்று வரும் கடிதம் சட்டப்படி ஒப்படைப்பு ஆகாது. சான்றிதழின் நகலைக் கேட்டு எழுதினாலே நிலைமை தெரிந்துவிடும்.

வட்டிக் கணக்கை ஒரு மாதிரியில் பார்ப்போம். ஒருவர் 2019 ஏப்ரல் 1இல் முன்பணமாக 2 லட்சமும், ஜூலை 1இல் சேமிப்பிலிருந்து 8 லட்சமும் கட்டுகிறார். 2020 ஜனவரி 1இல் வங்கிக் கடனாக 10 லட்சம் பில்டருக்குப் போகிறது. ஒப்படைக்க வேண்டிய நாள் 2022 ஜனவரி 1. பணம் திரும்பும் நாள் 2025 ஏப்ரல் 1 என்றும், கணக்கின் எளிமைக்காக வட்டி 10 சதவீதத் தனி வட்டி என்றும் வைத்துக்கொள்வோம். முன்பணத்துக்கு ஆறு ஆண்டு வட்டி 1,20,000 ரூபாய். 8 லட்சத்துக்கு ஐந்தே முக்கால் ஆண்டு வட்டி 4,60,000. வங்கிப் பணத்துக்கு ஐந்தேகால் ஆண்டு வட்டி 5,25,000. மொத்த வட்டி 11,05,000. அசலோடு சேர்த்து 31,05,000.

பில்டர் பேச்சுவார்த்தையில் முன்வைக்கும் கணக்கு வேறாக இருக்கும். தாமதம் தொடங்கிய 2022 ஜனவரியிலிருந்துதானே வட்டி என்பார். அப்படிக் கணக்கிட்டால் 20 லட்சத்துக்கு மூன்றேகால் ஆண்டு வட்டி ஆறரை லட்சம்தான். நாலரை லட்சத்துக்கும் மேல் காணாமல் போகிறது. சட்டத்தின் 2ஆவது பிரிவில் வட்டி என்பதற்குத் தரும் விளக்கம் இதைத் தீர்த்துவைக்கிறது. பில்டர் தர வேண்டிய வட்டி, பணமோ அதன் பகுதியோ அவர் கைக்கு வந்த நாளிலிருந்து, திருப்பிக் கொடுக்கும் நாள்வரை ஓடும். தாமதம் தொடங்கிய நாள் கணக்கு, விலகாமல் இருந்து மாத வட்டி வாங்குபவருக்கு உரியது. இரண்டையும் கலக்க விடக் கூடாது. ஒவ்வொரு ரசீதையும் வங்கி அறிக்கையின் வரியோடு பொருத்தி, தேதிவாரியான ஒரு பட்டியலைக் கடிதத்தோடு இணைத்தால் இந்த வாதத்துக்கு இடமே இருக்காது.

வங்கி கொடுத்த பணமும் பில்டர் பெற்ற பணம்தான், அதற்கும் வட்டி உண்டு. ஆனால் திரும்பும் தொகையில் வங்கியின் பாக்கி முதலில் தீர வேண்டும். நான் வங்கிக்குக் கட்டிய வட்டியையும் தனியாகத் தா என்று கேட்பது இப்போது எளிதல்ல. 2025இல் கிரேட்டர் மொகாலி மேம்பாட்டு ஆணையம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், வட்டியோடு பணம் திரும்பக் கிடைத்த பிறகு, கடனுக்கான வட்டியை வீட்டைக் கட்டித் தருபவர் மேல் சுமத்த முடியாது என்றது. ஜி.எஸ்.டி.க்குத் தனி வழி உண்டு. பில்டர் அதைத் திருத்திக் கொடுக்கும் காலக்கெடு கடந்திருந்தால், வாங்கியவரே தற்காலிகப் பதிவு எடுத்து வரித்துறையிடம் நேரடியாகக் கேட்க 2022 டிசம்பர் சுற்றறிக்கை இடம் தருகிறது.

தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். பிற மாநிலங்களில் ஒரே விற்பனை ஒப்பந்தம் இருக்கும். நம்மிடம் நெடுங்காலமாக வீட்டை இரண்டாகப் பிரித்தே விற்றார்கள். நிலத்தில் பிரிபடாத பங்கு, அதாவது யூ.டி.எஸ்., முதலில் கிரயம் செய்து பதிவாகிவிடும். வீட்டைக் கட்டித் தருவதற்குத் தனியாக ஒரு கட்டுமான ஒப்பந்தம். 2023 டிசம்பரிலிருந்து நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்துப் பதியும் முறை வந்துவிட்டது. ஆனால் இன்று பணத்தைத் திருப்பிக் கேட்பவர்களில் பலர் பழைய முறையில் வாங்கியவர்கள். வீடு அரைகுறைத் தூண்களாக நிற்கும்போதே வில்லங்கச் சான்றிதழில் அவர்கள் பெயர் நிலத்தின் உரிமையாளராக ஏறியிருக்கும்.

இதனால் இரண்டு விளைவுகள். முதலாவது, பணம் திரும்ப வேண்டுமானால் இவர் அந்தப் பங்கைத் திருப்பி எழுதிக் கொடுக்க வேண்டும். ‘முதலில் வந்து எழுதிக் கொடுங்கள், காசோலை பிறகு’ என்று பில்டர் சொன்னால் ஒத்துக்கொள்ளக் கூடாது. வாங்கியவர் கையில் இருக்கும் ஒரே பிடி அந்தப் பதிவுதான். பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு, பில்டர் செலவில் பத்திரம் எழுதித் தருகிறேன் என்று கடிதத்திலும் மனுவிலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இரண்டாவது, முத்திரைத்தாள் கட்டணமும் பதிவுக் கட்டணமும் அரசுக்குப் போனவை. பில்டர் ‘பெற்ற தொகை’ என்பதில் அவை சேராது. அவற்றை இழப்பீடாகத் தனியே கேட்க வேண்டும். நிலத்துக்குத் தந்த விலையையும் கட்டுமானத்துக்குத் தந்த தொகையையும் பிரித்து, நிலம்தான் கைக்கு வந்துவிட்டதே, கட்டுமானப் பணத்தை மட்டும் பேசுவோம் என்ற வாதமும் வரலாம். வாங்கியவர் பேரம் பேசியது ஒரு வீட்டுக்கு. அந்தப் பங்கை வைத்து அவரால் தனியாக எதுவும் செய்ய முடியாது. இரு ஆவணங்களும் ஒரே பரிவர்த்தனை என்பதை மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதுவது நல்லது.

முன்பணம் மட்டும் கட்டி ஒப்பந்தமே போடாதவர்கள் வேறு நிலையில் இருக்கிறார்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது சட்டத்தின் 13ஆவது பிரிவு. 42 லட்ச ரூபாய் வீட்டுக்கு 4 லட்சத்து 20 ஆயிரம்தான் எல்லை. அதைத் தாண்டி வாங்கியிருந்தால் அதுவே ஒரு மீறல். ஒதுக்கீட்டுக் கடிதம், விளம்பரத் தாள், ரெரா பதிவில் பில்டர் தானே அறிவித்த தேதி ஆகியவற்றை வைத்து ஒப்படைப்பு நாளை நிறுவ வேண்டியிருக்கும்.

கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் தமிழ்நாடு ரெரா ஆணையத்தில் புகார். அசலும் வட்டியும் கேட்பது ஆணையத்திடம், படிவம் ‘எம்’. மன உளைச்சல், பதிவுச் செலவு போன்ற இழப்பீடு கேட்பது தீர்ப்பு வழங்கும் அலுவலரிடம், படிவம் ‘என்’. இந்தப் பிரிவினையை நியூடெக் தீர்ப்பு உறுதி செய்தது. தவறான வாசலில் நுழைந்தால் மாதங்கள் வீணாகும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும் உரிமை உண்டு, 2020இல் இம்பீரியா ஸ்ட்ரக்சர்ஸ் வழக்கில் அது நிலைநாட்டப்பட்டது. கட்டிய தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் தான் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஷிப்ட் வேலையில் இருப்பவருக்கு இது ஒரு வசதி. ஒரே கோரிக்கையை இரண்டு இடத்திலும் நடத்த முடியாது. தாமத வட்டிக்குச் சட்டமே அளவு வகுத்திருப்பதால் ரெராவே மேல் என்பது என் கணிப்பு. நுகர்வோர் மன்றங்களில் வட்டி வழக்குக்கு வழக்கு 8, 9 சதவீதமாக இறங்கியிருக்கிறது.

ஆணை கிடைத்த பிறகு பில்டர் மேல்முறையீடு செய்தால், வாங்கியவருக்குத் தர வேண்டிய முழுத் தொகையையும் வட்டியோடு கட்டிய பிறகே தீர்ப்பாயம் அதை விசாரிக்கும். 43(5) பிரிவின் இந்த நிபந்தனை வாங்கியவருக்குப் பெரிய துணை. உண்மையான தொல்லை, மேல்முறையீடும் செய்யாமல் பணமும் தராமல் இருப்பவரிடம் வருகிறது. 40ஆவது பிரிவின்படி அந்தத் தொகை நிலவரி பாக்கிபோல வசூலிக்கப்பட வேண்டும். ஆணையம் வசூல் சான்றிதழை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புகிறது, அது வட்டாட்சியர் அலுவலகத்துக்கு இறங்குகிறது. அங்கே அது பல வேலைகளுக்கு நடுவே ஒரு கோப்பு. பில்டரின் எந்தச் சொத்தை ஜப்தி செய்வது என்று தெரியாமல் கோப்பு நகராது. இதற்காகச் சான்றிதழ் போகும்போதே, விற்காத வீடுகளின் எண்கள், நிறுவனத்தின் பெயரில் உள்ள சர்வே எண்கள், அவற்றின் வில்லங்கச் சான்றிதழ்கள், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை மனுவாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். திட்டம் ஸ்ரீபெரும்புதூரில் இருந்தாலும் நிறுவனத்தின் சொத்து சென்னையில் இருந்தால், சான்றிதழ் அந்த மாவட்ட ஆட்சியருக்குப் போக வேண்டும் என்று ஆணையத்திடமே கேட்க வேண்டும்.

நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டால் வசூல் அப்படியே நின்றுவிடும். அப்போது ரெரா ஆணை வைத்திருப்பவர் மற்ற வீடு வாங்கியவர்களைவிடக் கீழே தள்ளப்பட மாட்டார், அவரும் நிதிக் கடன் கொடுத்தவரே என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் தீர்வு நிபுணர் அறிவிக்கும் கெடுவுக்குள் கோரிக்கைப் படிவத்தைத் தாக்கல் செய்தால்தான் அந்த இடம் உறுதியாகும். அறிவிப்பு செய்தித்தாளில் வரும், ஆனால் வீட்டுக்குத் தபால் வரும் என்ற உறுதி இல்லை. ஆணை கையில் இருந்தும் பணம் வராதவர்கள், நிறுவனத்தின் பெயரை மாதம் ஒருமுறை திவால் வாரியத்தின் இணையதளத்தில் உள்ள பொது அறிவிப்புகளில் தேடிப் பார்ப்பது அவசியம்.